ஸ்ட்ரீமிங் இணைப்பு முறிவும் மீள்தொடர்வும்

ஸ்ட்ரீமிங் இணைப்பு முறிவு என்பது, சர்வர் துண்டுதுண்டாக அனுப்பும் பதில் முடிவதற்குள் இணைப்பு அறுந்து, பெறுபவரிடம் பாதி மட்டும் தங்கும் நிலை. சர்வர் நிகழ்வு ஓடையில் (`EventSource`) ஒவ்வொரு நிகழ்வும் வெற்று வரியுடன் முடியும். அந்த வரி வராத நிகழ்வை பிரவுசர் கைவிடும்.

42ஆம் நிகழ்வு முழுமையாகவும் 43 பாதியாகவும் வந்து இணைப்பு அறுந்தால், பிரவுசர் தானே மீண்டும் இணைந்து கடைசி அடையாள எண்ணைத் தெரிவிக்கும்:

```
Last-Event-ID: 42
```

நிகழ்வுகளை `id:` வரியுடன் அனுப்பிச் சேமித்து வைத்த சர்வரால் மட்டுமே 43இலிருந்து தொடர முடியும். எண்ணைக் கவனியாது முதலிலிருந்து அனுப்பும் சர்வரால் பதில் இரட்டிக்கும். இது பரவலான பிழை. சேமிப்பு இல்லையெனில், பாதிப் பதிலை அழித்து முழுவதையும் மறுபடி கோருவதே பாதுகாப்பானது.

சர்வர் இயல்பாக இணைப்பை மூடினாலும் பிரவுசர் மீண்டும் இணைய முயலும். ஆகவே பதில் முடிந்ததைத் தனி நிகழ்வால் அறிவிக்க வேண்டும். அது வந்ததும் பெறுபவர் `close()` மூலம் இணைப்பை மூடுவார். அந்த அறிவிப்பு வராத பதில் முழுமையற்றதாகவே கொள்ளப்படும்.