அடினொயிட் வீக்கம் (முன்பள்ளிப் பருவம்)

மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே இருக்கும் நிணநீர்த் திசுவே அடினொயிட். கோப்பன்ஹேகன் வைத்தியர் வில்ஹெல்ம் மேயர் 1868இல் இது வீங்கும் நோயை விவரித்தார். 3 முதல் 6 வயதுவரை இத்திசு மூச்சுவழியைப் பெரிதும் அடைக்கக்கூடும். பதின்ம வயதில் சுருங்கிவிடும்.

பிள்ளை வாயைத் திறந்தபடி குறட்டை விடும், கழுத்தைப் பின்னால் வளைத்துப் புரளும், வியர்க்கும். மூச்சு சில விநாடிகள் நின்று, திணறலுடன் திரும்பினால் தாமதிக்கக் கூடாது. கிருலப்பனைப் பெற்றோருக்குப் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை தூரமில்லை. உறக்கத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து கொண்டுபோவது நல்லது. பகலில் பார்க்கும் வைத்தியருக்கு இரவு தெரியாது.

காது மூக்கு தொண்டை வைத்தியர் குளிர்ந்த உலோகத் தகட்டை மூக்கடியில் பிடிப்பார். ஒரு பக்கம் ஆவி படியாவிட்டால் அங்கே காற்று வரவில்லை. ஒவ்வாமைச் சளியும் இப்படி அடைக்கும் என்பதால் மூக்கின் உட்புறத்தையும் பார்ப்பார். டான்சிலை அளவிடுவார், செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியுள்ளதா என்று பார்ப்பார்; நீர் தேங்கினால் கேள்திறன் குறையும். அடினொயிட்டை நேரில் காட்டுவது மெல்லிய வளையும் குழாய்க் கமரா. பிள்ளை இடங்கொடாவிட்டால் பக்கவாட்டு எக்ஸ்றே. உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் அண்ணத்தில் மறைந்த பிளவு இருக்கலாம்; அதைக் கவனியாமல் அடினொயிட்டை அகற்றினால் பேச்சு மூக்கால் வரத் தொடங்கும்.