46B24L: ஒரு பெயர் பிறந்த கதை

பானெட்டைத் திறந்து பேட்டரியின் மேல் படிந்த தூசியைத் துணியால் துடைத்தால், 46B24L என்பது போல் ஒரு வரி தெரியும். புதுப் பேட்டரி வாங்கப் போகும்போது கையில் இருக்க வேண்டிய சீட்டு அதுதான். அதை எழுத வேண்டிய தேவை எப்படி வந்தது?

தொடக்கத்தில் காரை ஸ்டார்ட் செய்யக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் 1911இல் கேடிலாக் காருக்கு மின் ஸ்டார்ட்டரைச் செய்து காட்டினார். முன்பு அவர் கடைகளின் கல்லாப் பெட்டிக்கு மோட்டார் செய்தவர். சில நொடிகள் மட்டும் ஓடும் மோட்டார் சிறியதாக இருந்தாலும் பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை அங்கே கற்றிருந்தார். அந்தச் சில நொடிகளுக்கான மின்னோட்டத்தைப் பேட்டரிதான் தர வேண்டும். அன்றிலிருந்து பேட்டரியின் முதல் வேலை இன்ஜினைச் சுழற்றுவதாயிற்று.

குளிர் நாட்டில் இது கடினம். ஆயில் கெட்டியாகும், பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும். அதனால் அமெரிக்கப் பொறியாளர்கள் ஒரு சோதனை வகுத்தார்கள். முழுதாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரியை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்து, 30 நொடி தொடர்ந்து மின்னோட்டம் எடுக்க வேண்டும். அப்போதும் வோல்டேஜ் 7.2க்குக் கீழே போகக் கூடாது. அப்படி எத்தனை ஆம்பியர் தருகிறதோ, அதுவே சிசிஏ. ஐரோப்பாவில் நேரமும் வோல்டேஜும் வேறு. ஆகவே இரண்டு பேட்டரிகளின் சிசிஏயை ஒப்பிடும்முன், எண்ணுக்குப் பக்கத்தில் எந்தத் தரநிலை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மதுரை வெயிலில் மைனஸ் 18க்கு என்ன வேலை? காரின் கையேடு சொல்லும் சிசிஏக்குக் குறையாமல் வாங்கினால் இங்கே போதும். டீசல் காருக்கு அந்த எண் கூடுதலாக இருக்கும். அதே பெட்டிக்குள் மிகக் கூடுதல் சிசிஏ வேண்டுமென்றால் மெல்லிய தகடுகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். மெல்லிய தகடு வெப்பத்தில் சீக்கிரம் அரித்துப் போகும். பெரிய எண்ணுக்கு ஆசைப்பட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஜப்பானியத் தரநிலை பேட்டரியின் வலுவையும் அளவையும் ப்ளஸ் முனையின் பக்கத்தையும் 46B24L போல ஒரே வரியில் அடக்கியது. முதலில் வரும் 46ஐப் பலர் ஆம்பியர்-மணி என்று நினைக்கிறார்கள். அது ஸ்டார்ட் செய்யும் வலுவையும் தேக்கத்தையும் சேர்த்துப் போட்ட மதிப்பெண். B என்பது அகலமும் உயரமும்: சுமார் 129க்கு 203 மில்லிமீட்டர். 24 என்பது சென்டிமீட்டரில் நீளம். நம் கடைகளில் இதையே இன்னும் பழைய பெயரில் NS60L என்பார்கள். பழைய முறையில் L இல்லாமல் வெறும் NS60 என்றால் அது R வகை.

கடைசி எழுத்தில்தான் குழப்பம். L என்றால் ப்ளஸ் இடப்பக்கம், ஆனால் எங்கிருந்து பார்த்தால்? ப்ளஸ் முனை இருக்கும் குறுகிய பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கடை மேஜையில் நாம் அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டு முனைகளும் நம் வயிற்றுப் பக்கம் வரும்படி நீளவாக்கில் வைத்துத்தான் பார்ப்போம். அப்போது அதே L பேட்டரியின் ப்ளஸ் வலது கைப்பக்கம் இருக்கும்! L-ஐ ‘லெஃப்ட்’ என்று படித்து வாங்குபவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

என் அண்ணன் காருக்கு அதுதான் நடந்தது. கழற்றியது NS60L, கடையிலிருந்து வந்தது NS60. தட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. சிவப்பு வயர் மட்டும் ப்ளஸ்ஸை எட்டவில்லை. “திருப்பி வெச்சா சரியாயிடும்ண்ணே” என்றார் பொருத்த வந்த பையன். திருப்பினார். ப்ளஸ் வலப்பக்கம் வந்தது உண்மைதான். ஆனால் இரண்டு முனைகளும் எதிர் ஓரத்துக்குப் போய்விட்டன. வயர் விறைத்து நின்றது. ப்ளஸ் முனையோ பேட்டரியைப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கு ஒரு விரல் இடைவெளியில். வண்டி ஆடும்போது ப்ளஸ் அந்தப் பட்டையைத் தொட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். அண்ணன் பொருத்த விடவில்லை. வயர்களையே மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபியூஸும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் போயிருக்கும்.

மறுநாள் பழைய பேட்டரியையே கடைக்குத் தூக்கிப் போனோம். புதியதைப் பக்கத்தில் வைத்து, முனைகளை நம் பக்கம் திருப்பி, ப்ளஸ் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்த்தோம். முனையின் தடிமனையும் ஒப்பிட்டோம், தடித்த கிளாம்ப் மெல்லிய முனையில் இறுகாது என்பதால். உயரம் சமம், பானெட் மூடும்போது இடிக்காது. வீட்டில் சிவப்பு வயர் இழுக்காமல் ப்ளஸ்ஸில் போய் உட்கார்ந்தது. பிறகு கறுப்பை மாட்டி, சாவியைத் திருப்பினார் அண்ணன்.