நெல்டர்–மீட் முறை: வடிவம் மாறும் முக்கோணத்தின் வரலாறு

நெல்டர்–மீட் முறை என்பது ஒரு சார்பின் சிறும மதிப்பை, வகைக்கெழு எதையும் கணக்கிடாமல், சார்பின் மதிப்புகளை ஒப்பிட்டு மட்டுமே தேடும் வழியாகும். பிரித்தானியப் புள்ளியியலாளர்களான ஜான் நெல்டர், ரோஜர் மீட் ஆகிய இருவரும் 1965-இல் ‘தி கம்ப்யூட்டர் ஜர்னல்’ இதழில் இதை வெளியிட்டனர். மாறிகள் இரண்டு என்றால் மூன்று புள்ளிகள், மூன்று என்றால் நான்கு புள்ளிகள் என, மாறிகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலான புள்ளிகளோடு தேடல் தொடங்கும். முதலாவது முக்கோணம், அடுத்தது நான்முகி. இத்தகைய உருவங்களுக்கு வடிவியலில் சிம்ப்ளெக்ஸ் என்று பொதுப்பெயர்.

இந்தப் பெயர் குழப்பத்துக்கும் காரணமாயிற்று. நேரியல் திட்டமிடலுக்காக ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை வேறு, இது வேறு. டான்ட்சிக்கின் முறை, கட்டுப்பாடுகள் வரையும் பன்முகத் திண்மத்தின் முனைகள் வழியே நகர்கிறது. அந்த முனைகள் கணக்கிலேயே இருப்பவை. நெல்டர்–மீட் முறையில் முனைகளைத் தேடுபவரே வைக்கிறார், நகர்த்துகிறார்.

வேதித் தொழிற்சாலையில் தொடக்கம்

நகரும் சிம்ப்ளெக்ஸ் முதலில் எழுந்தது கணினிக்காக அன்று. இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் பாக்ஸ், ஓடிக்கொண்டிருக்கும் ஆலையையே சோதனைக்களமாகக் கொள்ளலாம் என்று 1957-இல் எழுதினார். வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சரக்கு கெடாத அளவுக்குச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டி, எந்தப் பக்கம் விளைச்சல் கூடுகிறது என்று பார்ப்பது அவர் வழி. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பல அமைப்புகளில் ஆலையை ஓட்டியாக வேண்டும்.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்பென்ட்லி, ஹெக்ஸ்ட், ஹிம்ஸ்வொர்த் மூவரும் 1962-இல் ‘டெக்னோமெட்ரிக்ஸ்’ இதழில் இதை எளிதாக்கினர். இரண்டு மாறிகளுக்குச் சமபக்க முக்கோணம் ஒன்றின் மூன்று முனைகளில் ஆலை ஓட்டப்படுகிறது. மிக மோசமான முனையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்துக்கு அப்பால் அதன் பிரதிபலிப்பைப் புதிய முனையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரே ஒரு புதிய ஓட்டம் போதும். எந்த முனை மோசம் என்று தெரிந்தால் போதும் என்பதால் அளவீட்டில் சிறிது பிழை இருந்தாலும் முறை தாங்கும்.

இதன் குறை முக்கோணத்தின் விறைப்பு. அதன் வடிவம் மாறாது. அளவையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பெரிய முக்கோணம் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் திரும்ப இடமின்றி நிற்கும், சிறியதோ நெடுந்தூரத்தை எறும்பு நடையில் கடக்கும்.

வெல்ஸ்போர்னில் நடந்த மாற்றம்

நெல்டரும் மீடும் அப்போது இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னிலிருந்த தேசியக் காய்கறி ஆய்வு நிலையத்தில் பணியாற்றினர். பயிர்ச்சோதனைத் தரவுகளுக்கு வளைகோட்டுச் சமன்பாடுகளைப் பொருத்தும் புள்ளியியலாளருக்குச் சிறுமம் தேடுவது அன்றாட வேலை. ஸ்பென்ட்லி குழுவின் கருத்தை எடுத்துக்கொண்ட அவர்கள், முக்கோணம் தரைக்கு ஏற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டனர்.

பிரதிபலித்த புள்ளி இதுவரை கண்ட எல்லாவற்றையும் விடச் சிறந்ததாக இருந்தால், அதே திசையில் இரு மடங்கு தூரம் சென்று பார்க்க வேண்டும். இது விரிவு. பிரதிபலிப்பு பயன் தராவிட்டால், எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியை நோக்கிப் பாதித் தூரம் உள்ளே வர வேண்டும். இது சுருக்கம். அதுவும் தோற்றால் மற்ற முனைகள் அனைத்தும் மிகச் சிறந்த முனையை நோக்கிப் பாதியாக இழுக்கப்படும். இவ்வாறு முக்கோணம் சரிவில் நீள்கிறது, பள்ளத்தாக்கில் ஒடுங்குகிறது. பிற்காலத்தில் ‘நியூமெரிக்கல் ரெசிப்பீஸ்’ நூல் இந்த நிரலுக்கு அமீபா என்று பெயரிட்டது பொருத்தமே.

ஒரு நகர்வுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு மதிப்பீடுகளே தேவை, நிரலும் சிறியது. ஆகவே முறை விரைவாகப் பரவியது. இன்றும் ஆர் மொழியின் `optim` கட்டளை வேறு முறை குறிப்பிடாவிட்டால் இதையே கையாள்கிறது. மேட்லாப்பின் `fminsearch` கட்டளையும் இதுவே.

முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்

முறை வேலை செய்வதைப் பலரும் கண்டனர். அது சிறுமத்தையே அடையும் என்பதை எவரும் நிறுவவில்லை. 1998-இல் ‘சியாம்’ அமைப்பின் உகமமாக்கல் இதழில், ஒரே இதழிலேயே, இரு கட்டுரைகள் வந்தன. லகாரியாஸ், ரீட்ஸ், மார்கரெட் ரைட், பால் ரைட் ஆகியோர், கண்டிப்பான குவிவுச் சார்புகளுக்கு ஒரு மாறியில் முறை சிறுமத்தை அடையும் என்று நிறுவினர். இரு மாறிகளில் முக்கோணம் சுருங்கி ஒடுங்கும் என்பதை மட்டுமே அவர்களால் காட்ட முடிந்தது. ஒடுங்கும் இடம் சிறுமமா என்பதற்கு எடின்பரோவைச் சேர்ந்த மெக்கின்னன் அடுத்த கட்டுரையில் விடை தந்தார். சிறுமமாக இருக்க வேண்டியதில்லை என்பதே அந்த விடை.

அவர் காட்டிய சார்புகளில் ஒன்று:

```
x >= 0:  f = 6x² + y + y²
x <  0:  f = 360x² + y + y²
```

இது ஒரே பள்ளம் உள்ள, மென்மையான கிண்ணம். இதன் சிறுமம் (0, −0.5) என்ற புள்ளியில், மதிப்பு −0.25. தொடக்க முனைகள் (0, 0), (1, 1), (0.843, −0.593). அவற்றின் மதிப்புகள் முறையே 0, 8, ஏறத்தாழ 4.02. மோசமான முனை (1, 1). அதன் பிரதிபலிப்பு (−0.157, −1.593). அது இடப்பக்கச் செங்குத்துச் சரிவில் விழுவதால் மதிப்பு 9.81 ஆக ஏறிவிடுகிறது. எனவே முக்கோணம் உள்ளே சுருங்கி (0.711, 0.352) என்ற புள்ளியை ஏற்கிறது, அங்கே மதிப்பு 3.51. அடுத்த நகர்விலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் பிரதிபலிப்பு தோற்று, சுருக்கம் வெல்கிறது. சிறந்த முனையான (0, 0) அசையவே இல்லை.

இங்கே ஒரு நுட்பமான ஒழுங்கு இருக்கிறது. புதிய முனைகளின் x மதிப்புகள் 0.843-இன் அடுக்குகளாகவும், y மதிப்புகள் −0.593-இன் அடுக்குகளாகவும் குறைகின்றன. ஐம்பதாவது அடுக்கில் x ஏறத்தாழ 0.0002. அப்போது y-இன் புள்ளிக்குப் பின் பதினொரு பூச்சியங்கள் நிற்கின்றன. முக்கோணம் கிடைமட்டக் கோடாகவே தட்டையாகிவிட்டது. இறங்க வேண்டியதோ y திசையில்! சரிவை அளக்க அத்திசையில் முக்கோணத்துக்கு அகலமே மிஞ்சவில்லை. வடிவம் மாறும் உரிமையே அதை முடமாக்கியது. ஸ்பென்ட்லியின் விறைத்த முக்கோணம் மெதுவாக நகரலாம், ஆனால் இப்படித் தட்டையாகாது.

ஆபத்து என்னவென்றால், வெளியே எதுவும் தவறாகத் தெரியாது. முனைகள் நெருங்கிவிட்டன, மதிப்புகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. வழக்கமான நிறுத்த விதிகள் கேட்பது இவ்விரண்டையும்தான். நிரல் வெற்றி என்று அறிவித்து, −0.25-க்குப் பதில் 0 என்று விடை தரும். நெல்டரும் மீடும் வகுத்த நிறுத்த விதி முனை மதிப்புகளின் சிதறலை மட்டும் பார்த்தது. அந்த விதியும் இங்கே ஏமாறும்.

கெல்லி 1999-இல் இத்தகைய தேக்கத்தைக் கண்டறியும் சோதனை ஒன்றையும், முக்கோணத்தைப் புதிதாக அமைத்து மீண்டும் தொடங்கும் வழியையும் வெளியிட்டார். சோதனை இல்லாமலும், வந்து நின்ற புள்ளியில் புதிய முக்கோணம் வைத்துத் தொடங்குவது பயன் தரும். மெக்கின்னனின் கிண்ணத்தில் (0, 0), (0.1, 0), (0, 0.1) என்று புதிய முனைகளை வைத்தால் மதிப்புகள் 0, 0.06, 0.11 ஆகின்றன. மோசமான மூன்றாவது முனையின் பிரதிபலிப்பு (0.1, −0.1), அங்கே மதிப்பு −0.03. பழைய முக்கோணம் எத்தனை நகர்வுக்குப் பின்னும் தாண்டாத பூச்சியத்தை, புதியது முதல் நகர்விலேயே தாண்டிவிடுகிறது.