நீக்கத்தில் தொடங்கும் ஒரு பக்கம்: சிறு கணக்கு அலுவலகத்தின் அணுகல் விதிகள்

ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த மறு ஆண்டு, 2018இல், மத்திய நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. வணிகர்களுக்காகப் பதிவு செய்து கொடுத்த இடையாட்கள் தங்கள் சொந்தக் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் இட்டுவிட்டு, பிறகு நுழைவு விவரங்களைத் தர மறுக்கிறார்கள் என்பது வணிகர்களின் புகார். உரிய ஆவணங்களுடன் எல்லைக்குரிய வரி அலுவலரை அணுகினால், அவரே எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தரலாம் என்று வழி சொல்லப்பட்டது.

சிறு கணக்கு அலுவலகத்துக்கான ஒரு பக்க அணுகல் விதிகளை இந்தப் புகாரிலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். வழக்கமான மாதிரிகள் கோரிக்கை, மறு ஆய்வு, நீக்கம் என்ற வரிசையில் எழுதப்படுகின்றன. நீக்கம் கடைசி வரியாகிவிடுகிறது. ஆனால் நீக்க முடியுமா என்பது அணுகல் தரப்பட்ட அன்றே முடிவாகிவிடுகிறது.

சித்தையன்கோட்டையில் ஓர் ஆடிட்டரும் மூன்று உதவியாளர்களும் உள்ள அலுவலகத்தை எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்வோம். அதன் வாடிக்கையாளரில் ஒருவர் அரிசி ஆலைக்காரர். பதிவின்போது அவர் ஊரில் இல்லை. வேலை நடக்கட்டும் என்று மூத்த உதவியாளர் தன் எண்ணைக் கொடுத்தார். இன்று அவர் வேலையை விடுகிறார். ஆடிட்டர் உடனே கடவுச்சொல்லை மாற்றுகிறார். அதனால் பயனில்லை. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற வழியில் போனால் ஓடிபி, பதிவான எண்ணுக்குத்தான் போகும். 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை ஓடிபி மூலம் சமர்ப்பிக்கவும் அதே எண் வேண்டும். போனவரைத் தடுக்கவும் முடியவில்லை, அவரில்லாமல் வேலையை முடிக்கவும் முடியவில்லை.

ஆகவே அந்த ஒரு பக்கத்தில் கோரிக்கைப் பகுதி இப்படி இருக்க வேண்டும்: யாருக்கு, எந்த வாடிக்கையாளரின் எந்தக் கணக்கு, எந்த வேலைக்கு, விலகும் நாளில் இதை மூடுவது யார், எப்படி. கடைசிக் கேள்விக்கு விடை எழுத முடியாத கோரிக்கையை ஆடிட்டர் ஏற்கக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு பல பழக்கங்களைத் தானே திருத்திவிடும். வாடிக்கையாளரின் எண்தான் பதிவாக வேண்டும் என்பது முதலாவது. இ-வே பில் தளத்தில் முதன்மைக் கணக்கைக் கொடுக்காமல், அதன்கீழ் துணைப் பயனர் ஒருவரை உருவாக்கி, தேவை தீர்ந்ததும் முடக்குவது அடுத்தது. டேலியில் ஆளுக்கொரு பெயர் வேண்டும். நிறுமங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் காட்ட வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மூவரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தத் தடம் யாரையும் காட்டாது.

“நாலு பேர் உள்ள ஆபீஸ், எல்லாரும் எல்லா வேலையும் செய்கிறோம், இதெல்லாம் எதற்கு?” என்ற மறுப்பு நியாயமானதே. வேலைப் பிரிவினை அங்கே நடக்காது. இந்தப் பக்கமும் அதைக் கேட்கவில்லை; யார் செய்தது என்று தெரிந்தால் போதும் என்கிறது.

மறு ஆய்வைக் காலாண்டுக்கு ஒருமுறை, 20ஆம் தேதி தாண்டிய வாரத்தில் வைப்பது நல்லது. 11க்கும் 20க்கும் இடையில் வைத்தால் அது கையெழுத்துச் சடங்காகிவிடும். ஏற்ற கோரிக்கைகளின் பதிவேட்டை மட்டும் படித்து ‘சரி’ போடுவதும் ஆய்வாகாது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் தளக் கணக்கையும் திறந்து, அங்கே பதிவாகியிருக்கும் எண் யாருடையது என்று பார்க்க வேண்டும். பதிவேடும் தளமும் முரண்பட்டால் தளமே உண்மை.

நீக்கத்தில் வரிசைதான் முக்கியம். முதலில் எண்ணும் மின்னஞ்சலும், பிறகுதான் கடவுச்சொல். எண்ணை மாற்றும் திருத்தத்தைச் சமர்ப்பிக்கப் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி தேவைப்படலாம் என்பதால், விலகுபவர் மேசையில் இருக்கும்போதே, கடைசி நாளுக்கு முன்பே இதை முடிக்க வேண்டும். மனக்கசப்போடு போய்விட்டால் மிஞ்சுவது 2018இல் சொல்லப்பட்ட அலுவலர் வழிதான். அதற்கும் ஆலைக்காரரே ஆவணங்களோடு போக வேண்டும்.

இந்தப் பக்கத்தால் சரிசெய்ய முடியாத ஒன்று டிஜிட்டல் கையொப்ப டோக்கன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42, தனித் திறவுகோலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைக் கையொப்பத்துக்கு உரியவர்மீது வைக்கிறது. அலுவலக இழுப்பறையில் பத்து டோக்கன்களும், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டிய பின் எண்ணும் இருந்தால், எந்தக் கோரிக்கைப் படிவமும் அதை முறையாக்காது. டோக்கன் அலுவலகத்துக்கு வந்த நாளையும் திரும்பிப் போன நாளையும் குறிக்கலாம். பின் எண்ணைக் கையொப்பத்துக்கு உரியவரே வந்து இட வேண்டும்.