பரல் பிறந்த கதை

சனிப்பெயர்ச்சி வந்தால் வார இதழ்களில் பன்னிரண்டு பெட்டி போட்டுப் பலன் எழுதுவார்கள். கும்ப ராசிக்காரர் எல்லாருக்கும் ஒரே பெட்டி. ஊரில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஜனத்துக்கு ஒரே நாளில் பாதச்சனி தொடங்குகிறது, ஒரே நாளில் முடிகிறது. அவர்களில் ஒருவர் வீடு கட்டிக் குடிபோவார், இன்னொருவர் வேலையை விட்டு நிற்பார். இந்த முரண் நமக்கு மட்டும் தெரிந்ததல்ல. கோசாரப் பலன் சொன்ன பழைய ஜோதிடர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் அதற்குச் செய்த ஏற்பாடுதான் அஷ்டகவர்க்கம். தமிழ்நாட்டு ஜோதிடர் வாயில் 'பரல்' என்று வருவது அதன் மதிப்பெண்.

கோசாரத்தின் அடிப்படை எளியது. பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியிலிருந்து எண்ண வேண்டும். சனி 3, 6, 11-ஆம் இடங்களில் வந்தால் நல்லது, மற்ற ஒன்பதிலும் தொல்லை. குருவுக்கு 2, 5, 7, 9, 11. சூரியனுக்கு 3, 6, 10, 11. ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினிப் பக்கம் வாழ்ந்த வராஹமிஹிரர் தம் பிருகத் சம்ஹிதையில் கோசாரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். பலவகை விருத்தங்களில் பாடி, அந்தந்த விருத்தத்தின் பெயரையும் செய்யுளுக்குள்ளேயே ஒளித்து வைத்த அத்தியாயம் அது. பலன் சொல்வதைவிட யாப்பு காட்டுவதில்தான் மனிதருக்கு அங்கே உற்சாகம்!

அவரே எழுதிய பிருகத் ஜாதகத்தின் 9-ஆம் அத்தியாயம் அஷ்டகவர்க்கம். அதில் விருத்த விளையாட்டு இல்லை. பெரும்பாலும் எண்கள்தான். சனிக்கு எட்டு வரிசை கொடுத்திருக்கிறது. சூரியனிலிருந்து எண்ணினால் 1, 2, 4, 7, 8, 10, 11 நல்ல இடங்கள். செவ்வாயிலிருந்து 3, 5, 6, 10, 11, 12. புதனிலிருந்து 6, 8, 9, 10, 11, 12. குருவிலிருந்து 5, 6, 11, 12. சுக்கிரனிலிருந்து 6, 11, 12. பிறந்தபோது சனி நின்ற இடத்திலிருந்தே எண்ணினால் 3, 5, 6, 11. லக்னத்திலிருந்து 1, 3, 4, 6, 10, 11. சந்திரனிலிருந்து? 3, 6, 11.

கடைசி வரிசையைக் கவனித்தீர்களா? அது கோசார விதியேதான். சனிக்கு மட்டும் இப்படி அமைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குருவின் அஷ்டகவர்க்கத்தில் சந்திரனுக்குரிய வரிசை 2, 5, 7, 9, 11. சூரியனுடையதில் 3, 6, 10, 11. ஏழு கிரகங்களுக்கும் ஒத்துப் பார்க்கலாம், ஒன்றுகூட மாறாது. ஆகவே இது தனியாக வானத்திலிருந்து விழுந்த முறையல்ல. சந்திரன் ஒருவரிடம் கேட்ட கேள்வியையே இன்னும் ஆறு கிரகத்திடமும் லக்னத்திடமும் கேட்டு, 'ஆம்' என்று சொன்னவர்களை எண்ணியிருக்கிறார்கள். கோசாரம் ஒருவர் வாக்கு. அஷ்டகவர்க்கம் எட்டுப் பேர் வாக்கு. இந்த ஒற்றுமையிலிருந்துதான் அதன் பிறப்பை என்னால் ஊகிக்க முடிகிறது.

மரபு சொல்லும் பிறந்த கதை வேறு. பராசர ஹோரையில் மைத்ரேயர் கேட்கிறார்: நீங்கள் சொன்ன பலன்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, கலியுகத்து மந்தபுத்திக்காரர்களால் இதையெல்லாம் சீர்தூக்க முடியாது, அவர்களுக்கு ஏற்ற வழி ஒன்று சொல்லுங்கள். அதற்கு முனிவர் கொடுத்த விடை அஷ்டகவர்க்கம். கதையாகவே எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. முரண்படும் பலன்களை நிறுக்க ஒரு தராசு தேவைப்பட்டது, எண்ணிக்கை அந்த வேலையைச் செய்தது.

இனி ஒரு கணக்குப் போடுவோம். 1982 ஜூலை இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை பிறந்தவர். லக்னம் தனுசு, சந்திரன் கும்பம். சூரியனும் புதனும் மிதுனம், சுக்கிரன் ரிஷபம், செவ்வாயும் சனியும் கன்னி, குரு துலாம். திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29-இல். வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அது 2026-க்குப் போனது. தேதி எதுவானாலும் கும்பத்துக்கு மீனம் இரண்டாமிடம், அதாவது ஏழரையின் கடைசிப் பகுதி.

மீனத்தில் சனிக்கு எத்தனை பரல்? நின்ற ராசியையே ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். மிதுனச் சூரியனுக்கு மீனம் பத்தாமிடம், சூரிய வரிசையில் 10 இருக்கிறது, ஒரு பரல். சந்திரனுக்கு இரண்டு, இல்லை. கன்னிச் செவ்வாய்க்கு ஏழு, இல்லை. புதனுக்குப் பத்து, உண்டு. துலாக் குருவுக்கு ஆறு, உண்டு. ரிஷபச் சுக்கிரனுக்குப் பதினொன்று, உண்டு. கன்னிச் சனிக்கு ஏழு, இல்லை. தனுசு லக்னத்துக்கு நான்கு, உண்டு. மொத்தம் ஐந்து. இதேபோல் எண்ணினால் விரயச்சனி நடந்த மகரத்தில் நான்கு, ஜென்மச்சனி நடந்த கும்பத்தில் ஐந்து வருகிறது.

இன்னொருவர் 1989 ஜூலை 21 காலை, சிம்ம லக்னத்தில் பிறந்தவர். அவருக்கும் கும்ப ராசிதான். சூரியன், செவ்வாய், புதன் மூவரும் கடகம். குரு மிதுனம், சுக்கிரன் சிம்மம், சனி தனுசு. இவருக்கு மீனத்தில் புதன் மட்டுமே கை தூக்குகிறார். கடகத்துக்கு மீனம் ஒன்பது, அந்த எண் புதன் வரிசையில் மட்டும் இருக்கிறது. ஆக ஒரே ஒரு பரல். இதழில் இருவருக்கும் ஒரே பெட்டி, பரலில் ஐந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம்.

மேஷத்தையும் பார்த்துவிடுவோம். சனி 2027-இல் அங்கே எட்டிப்பார்த்து, வக்ரமாகப் பின்வாங்கி, 2028-இல் நிலையாகப் போகிறார். கும்பத்துக்கு அது மூன்றாமிடம், 'ஏழரை முடிந்தது, இனி யோகம்' என்று எல்லாருக்கும் எழுதுவார்கள். 1989-காரருக்கு மேஷத்தில் ஆறு பரல், அவர் பெருமூச்சு விடலாம். 1982-காரருக்கோ நான்குதான். ஏழரைக்குள் இருந்த ஐந்தைவிடக் குறைவு! சந்திரன் இப்போது 'ஆம்' என்கிறார், ஆனால் லக்னமும் குருவும் தங்கள் வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். சூரியன், புதன், சுக்கிரன் மூவரும் பழையபடி உடன் நிற்பதால் நான்காவது மிஞ்சுகிறது. ராசி பலன் இறங்கும் இடத்தில் பரல் ஏறுவதும், அது ஏறும் இடத்தில் இது இறங்குவதும் இப்படித்தான்.

எட்டில் நான்கு வந்தால் நடுத்தரம், மேலே போனால் நல்லது, கீழே போனால் கெடுதல் என்பது வழக்கமான அளவுகோல். அதை எல்லாக் கிரகத்துக்கும் ஒன்றுபோல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பன்னிரண்டு ராசியிலும் சேர்த்து எந்த ஜாதகத்திலும் சனிக்கு 39 பரல்தான், குருவுக்கு 56. ராசிக்குச் சராசரி சனிக்கு மூன்றேகால், குருவுக்கு நாலரைக்குச் சற்று மேல். குரு நான்கு பரலோடு வருவது அவருடைய சராசரிக்குக் குறைவு. சனி நான்கோடு வருவது அவருடைய சராசரிக்கு மேல். '3 பரல் சனியா, போச்சு' என்று பயமுறுத்துகிறவரிடம் இந்த 39-ஐ நினைவுபடுத்தலாம்.

இந்த மொத்தம் வேறொரு வேலைக்கும் உதவும். கையால் போட்ட கட்டத்தைக் கூட்டிப் பார்த்து 39 வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது. ஏழு கிரகமும் சேர்ந்து 337. இதைத்தான் சர்வாஷ்டகவர்க்கம் என்று ராசிவாரியாகப் பிரித்து, 28-ஐ நடுக்கோடாக வைக்கிறார்கள். 337 எல்லாருக்கும் பொது, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சனி வரும் ராசிக்குச் சர்வத்தில் 32 இருக்கிறது என்று கேட்டவுடன் நிம்மதியடைவதும் அவசரம். அது ராசியின் பொதுவான பலம். சனி அங்கே எப்படி நடந்துகொள்வார் என்பதற்குச் சனியின் சொந்தக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் பிறந்ததும் அடுத்த கேள்வி வந்தது. சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு இருக்கிறார். அவ்வளவு நாளும் ஒரே பலனா? அதற்காக ராசியை எட்டுக் கக்ஷ்யையாக வெட்டினார்கள், ஒவ்வொன்றும் 3 பாகை 45 கலை. சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்ற வரிசையில் ஆளுக்கொன்று, எட்டாவது லக்னத்துக்கு. பூமியை நடுவில் வைத்து, மெதுவாகப் போகிறவரிலிருந்து வேகமாகப் போகிறவர் வரை அடுக்கிய வரிசை இது. பரல் கொடுத்தவரின் கக்ஷ்யையில் கிரகம் போகும்போதுதான் அந்தப் பரல் வேலை செய்யும் என்பது விதி.

நம் 1989-காரருக்கு மீனத்தில் இருப்பது புதன் கொடுத்த ஒன்றே. புதனுடையது ஆறாவது கக்ஷ்யை, 18 பாகை 45 கலையிலிருந்து 22 பாகை 30 கலை வரை. திருக்கணிதப்படி சனி 2026 நடுவில் அங்கே நுழைந்து, வக்ரமாகி வெளியேறி, 2027-இல் மறுபடி வருகிறார். இரண்டரை ஆண்டில் அவருக்கு இந்த முறை ஒதுக்கும் நல்ல காலம் அவ்வளவுதான். இப்படிக் கணித்தது பலிக்கிறதா என்பது வேறு வழக்கு. கணக்கு துல்லியமாக இருப்பது பலனுக்குச் சாட்சி ஆகாது.

கணக்கிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது குறியில். தெற்கே நல்லதற்குப் புள்ளி, அதாவது பிந்து வைக்கிறோம், கெட்டதற்குக் கோடு. பராசர ஹோரையில் நல்லதற்குக் கோடு, கெட்டதற்குப் பிந்து. வடநாட்டு ஜாதகப் புத்தகத்தைப் பிரித்துப் பிந்துக்களை எண்ணி மகிழ்ந்தால் கெட்டதை எண்ணி மகிழ்ந்ததாகும். கட்டத்தைக் கூட்டினால் தெரிந்துவிடும்: சனிக்கு 39 வந்தால் எண்ணியது நல்லது, 57 வந்தால் மற்றது. இரண்டாவது கண்ணி பட்டியலிலேயே. சுக்கிரனின் கட்டத்தில் செவ்வாயிலிருந்து நல்ல இடம் வராஹமிஹிரரிடம் ஐந்து, பராசர ஹோரையில் நான்கு. இரண்டிலும் அந்த வரிசைக்கு ஆறு பரல்தான், மொத்தமும் 52 மாறாது. ஆகவே கூட்டல் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு மென்பொருளில் ஒரே ஜாதகத்துக்குச் சுக்கிரன் கட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ராசிகள் ஒரு பரல் ஏறியும் இறங்கியும் நின்றால், முதலில் இந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.