ஃபாஸ்டேக் கழிவுகளைப் பயணப் பதிவோடு ஒத்துப்பார்த்தல்

சுங்கச்சாவடிகளில் முன்பணக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் தொகையை, வண்டி உண்மையில் போய்வந்த பாதை, நேரம், தடவை ஆகியவற்றோடு வரிக்கு வரி பொருத்திப் பார்த்து, இருமுறை கழிந்ததையும் தவறாகக் கழிந்ததையும் கண்டுபிடிக்கும் கணக்குச் சரிபார்ப்பு இது. இந்தியாவில் இந்த முன்பண அட்டைக்கு ஃபாஸ்டேக் என்று பெயர். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் எல்லா நான்குசக்கர வண்டிகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. ரொக்கம் கொடுத்த காலத்தில் சீட்டு கையில் இருந்தது. தவறு நடந்தால் அந்த இடத்திலேயே கேட்க முடிந்தது. இப்போது வண்டி நகர்ந்த பிறகு குறுஞ்செய்தி வருகிறது. அதனால் சரிபார்க்கும் வேலை வண்டிக்காரரின் கைக்கு வந்துவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலத்தை எடுத்துக்கொண்டால் இந்த வேலை எளிதில் விளங்கும். பூச்சந்தைக்கும் பலாவுக்கும் பெயர்போன இந்தப் பேரூராட்சியிலிருந்து வாடகைக் கார்கள் திருச்சி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் போய்வருகின்றன. கீரமங்கலத்திலிருந்து ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை வரை சுங்கம் கிடையாது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போனால் லெட்சுமணப்பட்டி சாவடி. காரைக்குடிப் பக்கம் போனால் லெம்பலக்குடி சாவடி. திருச்சி வழியாகச் சென்னைக்குப் போகிறவருக்கு லெட்சுமணப்பட்டிக்குப் பிறகு சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று சாவடிகள் வரிசையாக வரும். ஒரு பாதையில் எந்தச் சாவடிகள் எந்த வரிசையில் வரும் என்ற பட்டியலே சரிபார்ப்பின் முதல் கருவி. அந்தப் பட்டியலில் இல்லாத பெயர் ஸ்டேட்மென்டில் இருந்தாலும், இருக்க வேண்டிய பெயர் இருமுறை வந்தாலும் உடனே கண்ணில் படும்.

பணம் கழியும் வழி

முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அட்டைக்குள் பேட்டரி இல்லை. சாவடியின் மேலே உள்ள ரீடர் அனுப்பும் ரேடியோ அலையில் அது உயிர்பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அந்த எண் சாவடியின் கணினிக்கும், அங்கிருந்து சாவடிக்குப் பணம் வாங்கித்தரும் வங்கிக்கும் போகிறது. அந்த வங்கி அதைத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் வலைப்பின்னலுக்கு அனுப்ப, அது அட்டை கொடுத்த வங்கியைக் கேட்டுப் பணத்தைக் கழிக்கிறது. இது பெரும்பாலும் நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் சாவடியில் இணைப்பு அறுந்திருந்தால் கணினி அந்தப் பதிவைச் சேர்த்துவைத்து, மணிக்கணக்கில் தாமதித்தும் அனுப்பும்.

ஆகவே ஒவ்வொரு கழிவுக்கும் இரண்டு நேரங்கள் உண்டு. ரீடர் அட்டையைப் படித்த நேரம் ஒன்று. வங்கி பணத்தைக் கழித்த நேரம் மற்றொன்று. வங்கியின் ஸ்டேட்மென்டில் முதல் நேரம் Reader Read Time என்றோ Transaction Time என்றோ இருக்கும். இரண்டாவது நேரம் Processed Time போன்ற பெயரில் இருக்கும். குறுஞ்செய்தி வந்த நேரத்தை வைத்துப் புகார் செய்கிறவர்கள் பலர் தோற்பது இதனால்தான். மதியம் வீட்டில் வண்டி நிற்கும்போது வந்த குறுஞ்செய்தி காலையில் உண்மையாகவே கடந்த சாவடிக்கானதாக இருக்கலாம். பயணப் பதிவோடு ஒத்துப்பார்க்க வேண்டியது ரீடர் படித்த நேரத்தை மட்டுமே.

திரும்பும் பயணத்தின் பாதிக் கட்டணம்

2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, ஒரு சாவடியைக் கடந்து 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால் இரண்டு தடவைக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குதான் வாங்க வேண்டும். ஃபாஸ்டேக்கில் இதற்கெனத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. போகும்போது முழுக் கட்டணமும் திரும்பும்போது ஏறக்குறைய பாதியும் தானாகக் கழிய வேண்டும். தவறு பிடிக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கட்டணங்களை 5 ரூபாயின் மடங்குகளாக்கி வைப்பதால் பாதி என்பது ஓரிரு ரூபாய் கூடக் குறைய வரலாம், அது பிழையல்ல. திரும்பும்போதும் முழுத் தொகை கழிந்திருந்தால்தான் நின்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் 24 மணி நேரம் உண்மையில் தாண்டவில்லையா என்று ரீடர் நேரங்களைக் கழித்துப் பார்ப்பது நல்லது. சென்னைக்கு விடிகாலையில் கிளம்பி மறுநாள் காலை திரும்பும் வண்டிக்கு பரனூரில் பாதியும் லெட்சுமணப்பட்டியில் முழுவதுமாகக் கழிவது முறையே. முதலில் கடந்த சாவடியைத் திரும்பும்போது கடைசியாகத் தொடுகிறோம் என்பதால் அங்கேதான் 24 மணி நேரம் முதலில் தீர்ந்துபோகிறது. தமிழ்நாட்டுச் சாவடிகளில் ஒரு பகுதிக்கு ஏப்ரல் 1 அன்றும் மற்றதற்கு செப்டம்பர் 1 அன்றும் கட்டணம் மாறுவதால், அந்த நாட்களை ஒட்டி வரும் வித்தியாசங்களைச் சாவடியின் விலைப்பலகையோடு பார்த்துவிட்டே குறை சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

கீரமங்கலத்துக் கார் ஒன்று விடியலில் ஒரு பயணியைத் திருச்சி விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறது என்று கொள்வோம். கணக்குக்காக ஒருவழிக் கட்டணத்தை 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரின் ட்ரிப் ஷீட்டில் புறப்பட்ட நேரம், வந்த நேரம், கிலோமீட்டர் ஆகியவை இருக்கின்றன. ஸ்டேட்மென்டில் அன்றைக்கு லெட்சுமணப்பட்டியின் பெயரில் மூன்று வரிகள் உள்ளன. முதலாவதில் ரீடர் நேரம் 04:38, தொகை 60. இரண்டாவதில் 08:12, தொகை 30. மூன்றாவது வரியில் வங்கி கழித்த நேரம் 14:05, தொகை 60.

முதல் இரண்டும் ட்ரிப் ஷீட்டோடு பொருந்துகின்றன. மூன்றாவதைத் தீர்மானிப்பது அதன் ரீடர் நேரம். அது 08:12 அல்லது அதற்கு ஓரிரு நிமிடம் முன்பின் என்றால், ஒரே கடப்பு இரண்டு தடவை அனுப்பப்பட்டிருக்கிறது. இது இரட்டைக் கழிவு. அது 14:02 என்றால் கதை வேறு. அந்த நேரத்தில் கார் கீரமங்கலத்தில் நின்றது. யாரோ வேறொரு வண்டிக்கு இந்த எண்ணைத் தட்டியிருக்கிறார்கள், அல்லது இந்த அட்டையின் எண் வேறெங்கோ பதிவாகியிருக்கிறது. இரட்டைக் கழிவுக்குப் புகார் எழுதும்போது இரண்டு பரிவர்த்தனை எண்களையும் காட்ட வேண்டும். தவறான வண்டிக் கழிவுக்கு, அந்த நேரத்தில் கடந்த வண்டியின் படத்தைக் கேட்க வேண்டும். சாவடியில் நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும் கேமரா இருப்பதால் இந்தக் கோரிக்கைக்கு வலு அதிகம்.

மாதம் முழுக்க ஓடும் வண்டிகளுக்கு ஸ்டேட்மென்டை எக்செலில் இறக்கி, A பத்தியில் ரீடர் நேரமும் B பத்தியில் சாவடியின் பெயரும் வைத்து, கீழ்க்கண்ட சூத்திரத்தை இரண்டாம் வரியில் தொடங்கிக் கீழ்வரை இழுத்தால் போதும்:

```
=COUNTIFS(B:B,B2,A:A,">="&(A2-1/48),A:A,"<="&(A2+1/48))
```

அரை மணி நேர இடைவெளிக்குள் அதே சாவடியில் எத்தனை வரிகள் உள்ளன என்று இது எண்ணும். விடை 1 என்றால் சிக்கலில்லை. 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த வரிகளைக் கையால் பார்க்க வேண்டும். சாவடிக்குப் பக்கத்து ஊர்க்காரர் அரை மணியில் போய்த் திரும்பியிருக்கவும் கூடும். லேனின் திசையும் பாதிக் கட்டணமும் அதைக் காட்டிக்கொடுக்கும். எக்செல் நேரத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டால் சூத்திரம் வேலை செய்யாது. அந்தப் பத்தியை முதலில் தேதி-நேர வடிவுக்கு மாற்ற வேண்டும்.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன

மிகவும் கசப்பானது வண்டி வீட்டில் நிற்கும்போது கழிவது. ரீடர் படிக்காதபோது சாவடி ஊழியர் வண்டி எண்ணைக் கையால் தட்டுவார். TN 55 என்று தொடங்கும் புதுக்கோட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் யாரோ ஒருவரின் பணம் போய்விடும். இத்தகைய தவறுகளுக்குச் சாவடி நடத்துவோரிடம் ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் ரூபாய் அபராதம் வாங்குவதாகவும், 250-க்கும் குறையாத தடவை அப்படி வாங்கியிருப்பதாகவும் 2025 தொடக்கத்தில் அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. மாதம் சுமார் 30 கோடிப் பரிவர்த்தனைகளில் உண்மையான புகார்கள் ஐம்பதளவே வருவதாகவும் அப்போது தெரிவிக்கப்பட்டது. அந்தச் சிறிய எண் தவறு அரிது என்பதைக் காட்டுவதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 60 ரூபாய்க்காகப் புகார் எழுதாதவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அட்டையைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு காட்டுவது இன்னொரு காரணம். அடுத்த லேனின் ரீடரும் அதைப் படித்துவிடலாம். இத்தகைய அட்டைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவிட்டது.

ரீடர் படிக்கவில்லை என்று ரொக்கம் வாங்கிக்கொண்டு, பிறகு அட்டையிலும் கழிவது மூன்றாவது. பேலன்ஸ் உள்ள, செல்லுபடியாகும் அட்டை இருந்தும் சாவடியின் இயந்திரம் பழுதென்றால் பணம் வாங்காமலே வண்டியை விட வேண்டும், பூஜ்ஜியத் தொகைச் சீட்டும் தர வேண்டும் என்று 2018 மே மாதத் திருத்தம் சொல்கிறது. இதைத் தெரியாமல் ரொக்கம் கொடுத்தவர் சீட்டையாவது வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் இருமுறை கொடுத்ததை நிரூபிப்பது கடினம்.

பயணமே இல்லாத நாளில் வரும் சிறு தொகை சில நேரம் வண்டிவகைத் திருத்தமாக இருக்கும். சாவடியின் தானியங்கி வகைப்படுத்தும் கருவி, அட்டையில் பதிவான வகையைவிடப் பெரிய வண்டி கடந்ததாகச் சொன்னால், வித்தியாசத்தை வங்கி வழியாகப் பிறகு கழிப்பார்கள். காரின் பின்னால் டிரெய்லர் இல்லாமலே இப்படி வந்தால் அதற்கான படத்தைக் கேட்க உரிமை உண்டு.

2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு பாஸ் வாங்கிய சொந்தக் கார்களுக்குப் பணத்துக்குப் பதில் 200 தடவையிலிருந்து ஒன்று குறையும். போவது ஒன்று, வருவது ஒன்று. அங்கே பாதிக் கட்டணச் சோதனை உதவாது, தடவைகளைத்தான் எண்ண வேண்டும். மாநில அரசின் சாலைச் சாவடிகளில் அந்த பாஸ் செல்லாது. அங்கே சாதாரண பேலன்ஸிலிருந்து கழிவது தவறல்ல.

முறையீடு

புகார் முதலில் அட்டை கொடுத்த வங்கிக்கே போக வேண்டும். சாவடியில் சண்டை போட்டுப் பணம் திரும்புவது அரிது. பரிவர்த்தனை எண், சாவடி, ரீடர் நேரம், எதிர்பார்த்த தொகை, கழிந்த தொகை, வண்டி அப்போது வேறிடத்தில் இருந்ததற்கான ஆதாரம் ஆகியவற்றை ஒரே தடவையில் கொடுக்க வேண்டும். பெட்ரோல் பங்க் ரசீது, ஜிபிஎஸ் பதிவு, வீட்டுக் கேமராப் படம் எதுவும் ஆதாரமே. வங்கி அதைச் சாவடியின் வங்கியிடம் திருப்பிக் கேட்கும். அவர்கள் ஒப்புக்கொண்டால் பணம் அட்டைக்கே வரும், மறுத்தால் படத்தோடு மறுக்க வேண்டும். நெடுஞ்சாலை உதவி எண் 1033-லும் பதிவு செய்யலாம். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ மறுத்துவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம்.

சாவடிக் கேமராப் பதிவுகள் வருடக்கணக்கில் வைக்கப்படுவதில்லை. ஆகவே ஸ்டேட்மென்டை வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப் ஷீட்டோடு பார்த்துவிடுங்கள். தவறு தென்பட்ட அன்றே வங்கியில் புகார் எண் வாங்கிவிடுங்கள்.