குறைத்து வாங்கிய கடன் தீர்ந்த கடனா? நெடுந்தீவுக் கைமாற்று ஒன்றை முன்வைத்து

கடனில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு 'கணக்குத் தீர்ந்தது' என்று ஒப்புக்கொண்டவர்கூடப் பின்னர் மீதியைக் கேட்டு வழக்கிடலாம் என்பது, இலங்கை ஒப்பந்தச் சட்டத்தை ஆங்கில நூல்களின் வழியே வாசிப்போரிடம் நிலைத்துவிட்ட கருத்து. 1884இல் பிரபுக்கள் சபை தீர்த்த போக்ஸ் எதிர் பியர் வழக்கே அதற்கு ஆதாரம். விட்டுக்கொடுத்த மீதிக்குப் பிரதிபயன் கிடைக்காவிட்டால் விட்டுக்கொடுப்புச் செல்லாது என்பது அதன் சாரம். வடபுலத்துக் கைமாற்றுக் கடனுக்கு இந்த விதி பொருந்தாது என்பதே என் வாதம்.

நெடுந்தீவுக் கடைக்காரர் ஒருவர், வள்ளத்துக்கு இயந்திரம் வாங்க ஒரு மீனவருக்கு 300,000 ரூபா கைமாற்றாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து ஒன்றும் இல்லை. கடைக் கொப்பியில் ஒரு வரி மட்டுமே. இந்தக் கடன் மூன்று வழிகளில் முடியலாம்.

முதலாவது நொவேஷன். மீனவரின் மருமகன் கடனைத் தான் ஏற்க, மூவரும் சம்மதிக்கிறார்கள். அந்தக் கணத்திலேயே பழைய கடன் இறந்துவிடுகிறது. மருமகன் கொடுக்காவிட்டாலும் கடைக்காரர் மாமனாரிடம் திரும்பிப் போக முடியாது. வாய்மொழிக் கடனுக்கு 3 ஆண்டு என்றிருந்த காலாவதியும், புதிய கடன் எழுத்தில் இருந்தால் 6 ஆண்டாகிப் புதிதாக ஓடத் தொடங்கும். ஆனால் நொவேஷனைச் சட்டம் ஊகித்துக்கொள்வதில்லை. கொப்பியில் மாமனாரின் பெயர் வெட்டப்படாமல், அதன் கீழே மருமகன் பெயர் சேர்க்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் இன்னொரு பொறுப்பாளியைச் சேர்த்துக்கொண்டதற்கே சான்று.

இரண்டாவது, இணக்கமும் அதன் நிறைவேற்றமும். பணத்துக்குப் பதிலாக வலைத்தொகுதி ஒன்றைத் தருவதாகப் பேச்சு முடிகிறது. வலை கைமாறும்வரை கடன் உயிரோடிருக்கும், கைமாறியதும் தீரும். வலையைத் தருவேன் என்ற வாக்கையே தீர்வாக ஏற்றுக்கொண்டதாகக் கடைக்காரர் தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டுமே, வாக்குக் கொடுத்த அன்றே பழைய கடன் போகும். நொவேஷனிலிருந்து இதைப் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதில்தான் சர்ச்சை. தொழில் படுத்துவிட்ட மீனவர் 200,000 ரூபாவைக் கொடுக்கிறார். கடைக்காரர், 'மிச்சம் வேண்டாம்' என்று கணக்கை வெட்டுகிறார். ஆங்கில விதிப்படி 100,000 ரூபா இன்னும் நிலுவை. உரோமன் டச்சுச் சட்டத்தின்படி நிலுவை இல்லை என்பேன். இதற்கு ஆதாரம், 1918இல் கோமறைக் கழகம் தீர்த்த ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கு. நமது பொதுச் சட்டம் தேடுவது பிரதிபயனை அல்ல, நியாயமான காரணத்தையே. தார்மீகக் கடமையோ பெருந்தன்மையோகூட அத்தகைய காரணமாகலாம் என்று அத்தீர்ப்பு ஏற்றது.

அந்த வழக்கு ஒரு வாக்குறுதியை அமல்படுத்துவது பற்றியதே. கடப்பாட்டைத் தீர்ப்பதுபற்றி அது எதையும் தீர்மானிக்கவில்லை என்பது மறுதரப்பின் பதில். வழக்கின் பொருண்மைகளை மட்டும் பார்த்தால் இது சரிதான். அத்தீர்ப்பை நேரடி முன்தீர்ப்பாக நானும் காட்டவில்லை. ஆனால் கடனை விட்டுக்கொடுப்பதும் ஓர் உடன்படிக்கையே. மீதியைக் கேட்கமாட்டேன் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதை ஏற்கிறார். அதற்கு வேண்டிய காரணத்தை மட்டும் ஏன் வேறு அளவுகோலால் அளக்க வேண்டும்? மறுதரப்பை அதன் எல்லைவரை கொண்டுபோனால், அதே கடைக்காரர் மீனவருக்கு 100,000 ரூபா நன்கொடை தருவதாக ஆலோசித்துச் சொன்ன வாக்கு அவரைக் கட்டும். அதே தொகையை மன்னித்த வாக்கு கட்டாது. இந்த முரணுக்கு இதுவரை விடை வந்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 63ஆம் பிரிவில் எழுதிவைத்துப் பெற்ற முடிவை, இங்கே பொதுச் சட்டமே தந்துவிடுகிறது.

தேசவழமை குறுக்கிடுமே என்போருக்கு நீண்ட பதில் தேவையில்லை. அது பேசாத இடத்தில் உரோமன் டச்சுச் சட்டமே நிரப்புகிறது. இக்கட்டிலிருக்கும் கடன் கொடுத்தவரை மிரட்டிக் குறைத்துக் கொடுப்பார்களே என்றால், வற்புறுத்தலுக்குத் தனிப் பரிகாரம் உண்டு.

உண்மையான வரம்பு ஒன்று உண்டு. கடன் புறோநோட்டில் இருந்தால் 1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தை உள்ளே கொண்டுவருகிறது. போக்ஸ் விதியும் கூடவே வரும். அங்கும் 1927ஆம் ஆண்டின் உண்டியல் கட்டளைச் சட்டம் வழி திறந்தே வைத்திருக்கிறது: தவணை வந்தபின் உரிமையை எழுத்தில் நிபந்தனையின்றித் துறந்தால், அல்லது நோட்டையே திருப்பிக் கொடுத்தால், பிரதிபயன் இல்லாமலே பொறுப்புத் தீரும். ஆக, கைமாற்றில் வாய்ச்சொல்லால் முடிவது, நோட்டில் எழுத்தாலோ நோட்டைக் கையளிப்பதாலோதான் முடியும்.

ஆகவே நீதிமன்றம் முதலில் கேட்க வேண்டியது, மீதிக்கு ஈடாக என்ன கொடுக்கப்பட்டது என்பதல்ல. கடன் எந்த வடிவில் இருந்தது, தரப்பினர் எதை முடிக்க எண்ணினர் என்பவையே. விட்டுக்கொடுப்பை நிரூபிக்கும் சுமை மீனவருடையது. கடையிலிருக்கும் கொப்பியை நம்பியிராமல், 'முழுத்தீர்வு' என்று எழுதிய பற்றுச்சீட்டை அவர் கேட்டு வாங்குவதே அந்தச் சுமையை இறக்கும்.